இரத்தக்குழாய் திறந்தது, மனம் அடைத்துக்கொண்டது

மூன்று மாதம் நான் குளியலறைக் கதவைத் தாழிடாமல்தான் குளித்தேன். வெளியே என் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நிமிடத்துக்கொரு முறை "என்னங்க?" என்பாள். நான் "ம்" என்று சொல்ல வேண்டும். சோப்பு வாயில் போய் ஒரு "ம்" தாமதமானால் கதவு திறந்துகொள்ளும். எனக்கு 58 வயது. போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் லோரிகளை அனுப்பி வைக்கும் வேலை பார்த்தவன். ஐம்பது ஓட்டுநர்களை அதட்டி வேலை வாங்கியவன், குளிக்க ஆள் துணை தேடினேன்.

போன ஆண்டு மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிடங்கு மாடிப்படியில் ஏறும்போது எனக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ அரிசி மூட்டையை வைத்ததுபோல் ஓர் அழுத்தம், இடக்கைக்கு இறங்கிய வலி, சட்டை நனைந்த வேர்வை. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. அன்றே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஐந்து வகை மாத்திரை, உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லும் ஒரு தாள், அடுத்த சந்திப்புக்கான தேதி. உயிரைக் காப்பாற்றியவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாளில் "மனசு எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன். மலேசியாவில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெறுவோரில் நம் இந்தியர்கள், மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிட மிக அதிகம். அதனால் இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்க வாய்ப்புண்டு.

நாற்பத்தைந்து மார்க்

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மருத்துவர் அவசரமாக ஒரு வார்த்தை சொன்னார்: "ஸ்கேன் பார்த்தோம், இதயம் 45 விழுக்காடு வேலை செய்கிறது." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதில் அது பள்ளிக்கூட மார்க் போல விழுந்தது. நூற்றுக்கு நாற்பத்தைந்து. பாதிக்கும் குறைவு. அப்படியானால் என் இதயத்தில் பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கோடுதான் ஒவ்வொரு இரவும் படுத்தேன். விளக்கு அணைந்ததும் காதுக்குள் இதயத் துடிப்பு கேட்கும். மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணுவேன். 72 என்றால் நிம்மதி. பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவேன். எண்ணும்போதே பயம் வரும், பயம் வந்ததும் துடிப்பு ஏறும், 96 ஆகும். "பார்த்தாயா, ஏறுகிறது" என்று மனம் சொல்லும். வேர்க்கும், மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும். இரண்டு மாதத்தில் மூன்று முறை நள்ளிரவில் மகன் காரை எடுத்தான். மூன்று முறையும் இசிஜி எடுத்து, இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை.

"ஒன்றும் இல்லை" என்பது நல்ல செய்திதான். ஆனால் எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒன்றும் இல்லாததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று மகன் நினைப்பானோ என்று வெட்கம். அதனால் பகலில் வாயை மூடிக்கொண்டேன். பத்திரிகை படிக்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு காலையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய், நண்பர்களோடு தோசையும் தே தாரேக்குமாகப் பசியாறுவேன். அவர்கள் அழைத்தபோது "கால் வலி" என்று பொய் சொன்னேன். பேத்தி மடியில் ஏறினாலும் எதுவும் தோன்றவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

ஒன்பது கேள்விகள்

மூன்றாம் முறை அவசரப் பிரிவில் கிடந்தபோது, அதிகாலை நான்கு மணி இருக்கும், ஓர் இளம் பெண் மருத்துவர் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். நம் பிள்ளைதான். "அங்கிள், இரத்தச் சோதனை நல்லா இருக்கு. அதை விடுங்க. நீங்க ரொம்ப பயந்து போயிருக்கீங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவர் ஒரு தாளை எடுத்து ஒன்பது கேள்வி கேட்டார். பி.எச்.கியூ-9 என்று அதற்குப் பெயர். உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள், மலாயிலும் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் இன்ன தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று கேட்பார்கள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27.

என் கணக்கை அப்படியே தருகிறேன். எதிலும் ஈடுபாடு இல்லாமை, 3. மனச்சோர்வு, 2. தூக்கமின்மை, 3. களைப்பு, 2. பசியின்மை, 1. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற குற்ற உணர்வு, 2. கவனக் குறைவு, 0. பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமை, 0. கடைசிக் கேள்வி, செத்துப்போயிருந்தால் நல்லது என்ற எண்ணம். தலையைக் குனிந்துகொண்டு "சில நாள்" என்றேன். 1. மொத்தம் 14. பத்தைத் தொட்டாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது விதி.

கடைசிக் கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அப்போதே நேராகக் கேட்க வேண்டும். அவரும் கேட்டார்: "ஏதாவது செய்துக்கணும்னு திட்டம் இருக்கா? வீட்டில் எதையாவது எடுத்து வைத்திருக்கீங்களா?" இல்லை என்றேன், அது உண்மைதான். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், ஒருவர் அதை வாய்விட்டுக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியது.

இந்தத் தாளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதையும் அவரே சொன்னார். மாரடைப்பு வந்தவனுக்கு இதயத்தாலும் களைப்பு வரும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் வரும். தூக்கமும் பசியும் எதனால் கெட்டன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். ஈடுபாடு போய்விட்டதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா என்ற இரண்டும் மாத்திரையால் வந்த களைப்பில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பேத்தி மடியில் ஏறினாலும் எதுவும் தோன்றாதது வெறும் களைப்பு அல்ல.

எண்ணிப் பார்த்த மாத்திரை அட்டை

அதே வாரம்தான் என் மனைவி மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தாள். இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளோபிடோகிரெல் நான்கு மாத்திரை அதிகமாக இருந்தது. நான்கு நாள் நான் போடவில்லை. மறதி இல்லை. காலையில் டப்பாவைத் திறப்பேன், ஐந்து மாத்திரையைப் பார்ப்பேன், "எதற்கு?" என்று தோன்றும், மூடிவிடுவேன்.

இது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டென்ட் என்பது உலோகக் கம்பி வலை. இரத்தக்குழாயின் உட்சுவர் அதன்மேல் வளர்ந்து மூடும்வரை, இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும், மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருடத்துக்கு, தருகிறார்கள். முதல் மாதங்களில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்டே திடீரென்று அடைத்துக்கொள்ளக்கூடும். அப்படி வருவது முதல் மாரடைப்பைவிடக் கொடியதாக இருக்கும்.

மனச்சோர்வு இதயத்தை எப்படித் தாக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நான்கு மாத்திரைகளைத்தான். சோர்ந்தவன் மருந்தை விடுகிறான், நடப்பதில்லை, விட்ட சிகரெட்டை மறுபடி தொடுகிறான், மருத்துவரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப்போடுகிறான். இது வெளியே தெரியும் வழி. உடலுக்குள்ளும் வழிகள் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும் தன்மை கூடுவதையும், இதயத் துடிப்பு சூழ்நிலைக்கேற்ப ஏறி இறங்கும் நெகிழ்ச்சி குறைவதையும், அழற்சி கூடுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கனடாவின் மொன்ட்ரியல் நகரில் நான்சி ஃபிரேஷர்-ஸ்மித் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையையே திருப்பிவிட்டது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த 222 பேரிடம் பேசி, யாருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். இதயம் எவ்வளவு சேதமாகியிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சோர்வு உள்ளவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளில் இந்த மடங்கு குறைந்தது, ஆனால் தொடர்பு இல்லாமல் போகவில்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, இதை மீட்சியைக் கெடுக்கும் ஆபத்துக் காரணிகளில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

திரையில் தெரிந்த 118

அந்த இளம் மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தோடு, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் இருதய மறுவாழ்வுப் பிரிவில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல். முந்தின இரவே பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வேன். எங்கள் அப்பா ரயில்வேக்காரர். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் வீடுகள் இப்போது இல்லை. அக்கா மட்டும் அந்தப் பகுதியை விடாமல் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள்.

மறுவாழ்வு என்றால் உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் ஒன்றும் ஓடச் சொல்லவில்லை. ஒரு தாதி என்னிடம் "இதயத்தைப் பற்றி நீங்க என்ன நினைச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அந்த நாற்பத்தைந்து மார்க் கதையை முதன்முதலாக வாய் திறந்து சொன்னேன். அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 விழுக்காடுதான் வெளியேற்றும். ஆக என்னுடைய 45ஐ 100ஓடு ஒப்பிடக் கூடாது, 55ஓடு ஒப்பிட வேண்டும். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாத கணக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. நோயாளி என்ன புரிந்துகொண்டான் என்று கேட்காமல் சொல்லும் விளக்கம் எல்லாம் வீண் என்று அன்று தெரிந்தது.

பிறகு ஓட்டப் பட்டை. மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். துடிப்பு திரையில் ஓடியது. முதலில் மெதுவான நடை, கொஞ்சம் கொஞ்சமாக வேகம், பிறகு லேசான ஏற்றம். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று 6 முதல் 20 வரை எண் போட்ட ஓர் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார் பயிற்சியாளர். 11க்கும் 13க்கும் இடையில் நிறுத்தினார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான அளவாம். துடிப்பு 100ஐத் தாண்டியபோது என் கை கம்பியை இறுகப் பிடித்தது. 110. 118. வீட்டில் 96க்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி உட்கார்ந்தேன், திரையில் எண் தானாக இறங்கியது. "வேகமாகத் துடிப்பதுதான் அதன் வேலை" என்றார் பயிற்சியாளர். நூறு பேர் "பயப்படாதே" என்று சொல்லிப் போகாத பயம், அந்த 118ஐப் பார்த்ததில் ஒரு படி இறங்கியது.

பிரிவின் உளவியலாளர் இதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். நான் தவிர்க்கும் காரியங்களையெல்லாம் எழுதச் சொன்னார். பயம் குறைந்ததை முதலிலும் கூடினதைக் கடைசியிலும் வரிசைப்படுத்தினோம். தனியாகக் கேட் வரை போவது முதல் படி. தனியாகக் கடைக்குப் போவது இரண்டாவது. பழைய கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டில், மனிதர் நடக்கும் பாதையில், கிள்ளான் ஆற்றைக் கடப்பது மூன்றாவது. கதவைத் தாழிட்டுக் குளிப்பது நான்காவது. மாரடைப்பு வந்த அந்தக் கிடங்குப் படியில் ஏறுவது ஐந்தாவது. பயம் போன பிறகு செய்வதில்லை, பயத்தோடேயே செய்வது, அது தானாகக் குறையும்வரை அங்கேயே நிற்பது. நாடி பார்ப்பதை ஒரு நாளைக்கு மூன்று முறை என்று குறைத்தார், பிறகு ஒரு முறை, பிறகு வேண்டாம்.

"இது பயமா, நிஜமான நெஞ்சுவலியா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரியாது, எங்களுக்கே இசிஜி இல்லாமல் தெரியாது" என்றார்கள். அதற்கு ஓர் அட்டை தந்தார்கள். வேலையை நிறுத்து, உட்கார், நாக்குக்கு அடியில் ஜி.டி.என். மாத்திரை ஒன்று வை, ஐந்து நிமிடம் பார், குறையாவிட்டால் 999ஐ அழை, காரை நீயே ஓட்டாதே. அவ்வளவுதான். அந்த மாத்திரைப் புட்டியைத் திறந்து எட்டு வாரம் ஆனால் புதியது வாங்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடமிருந்து அட்டைக்குப் போனது. அதன்பிறகு நள்ளிரவில் ஒரு தடவைகூட கார் கிளம்பவில்லை.

மனைவி ஏறிய பட்டை

மூன்றாம் வாரம் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்கள். அவள் சுவரோரம் நின்று நான் நடப்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் இறங்கியதும் பயிற்சியாளர், "ஆன்ட்டி, நீங்களும் கொஞ்சம் ஏறிப் பாருங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். எனக்கு வைத்த அதே வேகம், அதே ஏற்றம். மூன்று நிமிடம். இறங்கும்போது அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, "இவ்வளவு வேகமாவா நடந்தீங்க?" என்றாள்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூராவும் இதய மருத்துவர்களும் சேர்ந்து 1985இல் வெளியிட்டது. மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆன 30 ஆண்கள் ஓட்டப் பட்டையில் நடந்தார்கள். மனைவியரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வெளியே காத்திருந்தார்கள். ஒரு பிரிவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பிரிவினர் பார்த்ததோடு, தாங்களும் அதே பட்டையில் மூன்று நிமிடம் நடந்தார்கள். கணவரின் இதயம் தாங்கும் என்ற நம்பிக்கை, தானும் நடந்து பார்த்த மனைவியருக்குத்தான் கணவருக்கு நிகராக உயர்ந்தது. வெறுமனே பார்த்தவர்களுக்கு அவ்வளவு உயரவில்லை.

ஏன் இது முக்கியம்? பயம் என்னிடம் மட்டும் இல்லை. இரவில் என் மார்பில் கையை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவளும் விழித்திருந்தாள். நான் வாளியைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வாள். அன்புதான். ஆனால் ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் "உங்களால் முடியாது" என்ற செய்தி எனக்கு வந்தது. அவள் பயம் என் பயத்துக்குச் சாட்சி சொன்னது. பட்டையில் ஏறி இறங்கிய அன்று, வீட்டுக்கு வந்ததும் அவளே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

எது உதவியது, எது உதவவில்லை

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பயமுறுத்திவிட்டுப் போனார்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், இதே மாதிரி ஸ்டென்ட் வச்சு ஆறாம் மாசம்..." என்று ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் "தைரியமா இருப்பா" என்றார்கள். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் கிசுகிசுத்தார்கள். கெட்ட செய்தியை மறைக்கிறார்கள் என்று நான் இன்னும் கலங்கினேன்.

அக்கா வேறு மாதிரி. அவள் புத்தி சொல்லவில்லை. விடியற்காலை எழுப்பி, "தம்பி, ஸ்காட் சாலை கந்தசாமி கோயில் வரைக்கும் நடக்கப் போறேன், கூட வா" என்பாள். வழியில் அவள் பேசுவாள், நான் பேசத் தேவையில்லை. போய்த் திரும்பினால் கோப்பி. மனம் வந்த பிறகு நடப்போம் என்று காத்திருந்தால் மனம் வராது, நடந்தால்தான் பின்னாலேயே மனம் வரும் என்பதை உளவியலாளர் ஒரு சிகிச்சை முறையாகவே சொல்லித் தந்தார். அக்கா பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

இன்னொருவர், மறுவாழ்வுப் பிரிவில் பக்கத்துப் பட்டையில் நடந்த மலாய்க்கார லோரி ஓட்டுநர். அவருக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "நானும் மூன்று மாதம் கழிவறைக் கதவைப் பூட்டவில்லை" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்கு மட்டும்தான் இப்படி என்ற வெட்கம் அன்றோடு போயிற்று.

மருந்தும் எடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்குப் பாதுகாப்பானது என்று 2002இல் சோதித்துப் பார்க்கப்பட்ட செர்ட்ராலின் என்ற மாத்திரையை மனநல மருத்துவர் தந்தார். முதல் வாரம் குமட்டியது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் தூக்கம் திரும்பியது. ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை போடுபவனுக்கு இது இரத்தக் கசிவு அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும். அதனால் வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை சேர்த்தார், மலம் கறுத்தால் உடனே வரச் சொன்னார். மனச்சோர்வுக்கான எல்லா மாத்திரையும் இதயத்துக்கு ஒத்துவராது. இதய மாத்திரைகளின் பட்டியலைக் காட்டாமல் எதையும் வாங்கக் கூடாது. நன்றாக ஆகிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் மறு மாரடைப்பும் மரணமும் குறையுமா என்று அமெரிக்காவில் 2,481 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தி 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பேச்சு வழிச் சிகிச்சை பெற்றவர்களின் மனம் தேறியது, தனிமை குறைந்தது. ஆனால் மரணமும் மறு மாரடைப்பும் மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆகவே மனநலச் சிகிச்சை ஆயுளைக் கூட்டும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மாத்திரையை விடாமல் போட்டேன், நடந்தேன், தூங்கினேன், பேத்தியைத் தூக்கினேன். மீதமுள்ள நாளில் வாழ்ந்திருப்பதற்கு அது போதாதா?

எட்டு வாரம் முடிந்தபோது அதே ஒன்பது கேள்விகள். 14 ஆக இருந்தது 6 ஆனது. கடைசிக் கேள்விக்கு 0. ஆறாம் மாதத்தில் 3. தூக்கம் இன்னும் சில நாள் கெடுகிறது. கிடங்குப் படியில் ஏறியபோது பாதியில் நின்றுவிட்டேன். அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வலி இல்லை, பயம்தான். அங்கேயே நின்றேன். கீழே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. பயம் இறங்கியதும் மீதிப் படியும் ஏறினேன்.

உங்கள் வீட்டில் மாரடைப்பு வந்து திரும்பியவர் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் அவர் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தாலோ மாத்திரை அட்டையில் கணக்கு மிஞ்சினாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். இருதய மறுவாழ்வுப் பிரிவுக்குக் கடிதம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், கேட்காமல் பல இடங்களில் கிடைப்பதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். சாக வேண்டும் என்று பேச்சு வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் பேச ஆள் இல்லாதவர்களுக்குக் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசி 03-7627 2929 இருக்கிறது, பெயர் சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் கதவைத் தாழிட்டுத்தான் குளிக்கிறேன். மனைவி சமையலறையில் இருக்கிறாள். எப்போதாவது ஒரு முறை, பழக்கத்தில், அங்கிருந்தே "என்னங்க?" என்பாள். நானும் "ம்" என்பேன்.